பள்ளி அசெம்பிளியில் பொங்கலைப் பற்றிப் பேசப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பெங்களூரில் ஜனவரி இரண்டாம் வாரம் வந்தால் தமிழ் பேசுகிற யாராவது ஒருவருக்குப் பக்கத்துப் பள்ளியிலிருந்து அழைப்பு வரும். சங்கராந்தி விடுமுறைக்கு முந்தைய நாள் அசெம்பிளியில் பொங்கலைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். மைதானத்தில் நிற்கும் பிள்ளைகளில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், ஜைனர், சீக்கியர் எல்லாரும் உண்டு. பாதிப் பேருக்கு வீட்டு மொழி கன்னடமோ உருதுவோ. பேச்சு ஆங்கிலத்தில், நடுநடுவே கன்னடம். இப்படி மூன்று முறை பேசியிருக்கிறேன். முதல் முறை சொதப்பினேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் முதல் தவறு ஒரே ஒரு சொல். “வி பாயில் த மில்க், வி வர்ஷிப் த சன்” என்று ஆரம்பித்தேன். தமிழில் யோசித்தபோது அது ‘நாங்கள்’. தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. “நாங்கள் சூரியனுக்குப் படைப்போம்” என்றால் கேட்பவர் அதில் இல்லை என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வி’தான், கன்னடத்திலும் இரண்டுக்கும் ‘நாவு’தான். மைக்கில் அது வெளியே வந்தபோது மைதானத்தில் நின்ற அத்தனை பேரையும் சூரியனைக் கும்பிட வைத்த மாதிரி ஆகிவிட்டது. முடிந்ததும் ஒரு டீச்சர் சிரித்துக்கொண்டே, “அங்கிள், எங்க வீட்ல பண்றதில்லையே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று பட்டது.

இதைத் தவிர்க்க ஒரு எளிய வழி உண்டு. ‘வி’ வருகிற இடத்திலெல்லாம் ஒரு ஆளைப் போடுங்கள். “என் பாட்டி தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். அவர் இப்படிச் செய்வார்.” பாட்டி செய்ததைக் கேட்க எந்தப் பிள்ளைக்கும் தடையில்லை. வாசலில் மூன்று கல் வைத்து, மஞ்சள் கொத்து கட்டிய பானையை ஏற்றி, பால் பொங்கி வழியும்போது வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் “பொங்கலோ பொங்கல்” என்று கத்துவார்கள். அதைச் சொல்லிக் காட்டலாம். “எல்லாரும் என்னோடு சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்காதீர்கள், கைகூப்பச் சொல்லாதீர்கள். பொங்கலோ பொங்கல் வெறும் உற்சாகக் கூச்சல்தானே என்று நமக்குத் தோன்றும். சில வீடுகளில் அது வழிபாட்டின் பகுதி, அந்தக் குழந்தைக்கு அது நன்றாகத் தெரியும். அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் யாரையும் அவர் சம்மதம் இல்லாமல், சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் இல்லாமல், வழிபாட்டில் பங்கெடுக்க வைக்கக்கூடாது என்கிறது. விருந்தாளியாக வந்த நாம் தலைமை ஆசிரியரை அந்தச் சங்கடத்தில் மாட்டிவிட வேண்டாம்.

இதே தவறுக்கு இன்னொரு முகமும் உண்டு. “தமிழர்கள் எல்லாரும் கொண்டாடுவார்கள்” என்பதும் சரியில்லை, “இது இந்துப் பண்டிகை” என்று மூடிவிடுவதும் சரியில்லை. தமிழ்நாட்டில் தேவாலய வளாகத்தில் பானை வைக்கும் பங்குகள் உண்டு. பொங்கலே வைக்காத தமிழ்க் குடும்பங்களும் உண்டு. “பலர் இதை அறுவடை விழாவாகவும், பலர் சூரிய வழிபாடாகவும், சிலர் இரண்டுமாகவும் பார்க்கிறார்கள்” என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட. “யார் வீட்டில் பொங்கல், கை தூக்குங்கள்” என்று கேட்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். தூக்காத கைகளைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அடுத்தது எல்லாப் பேச்சாளர்களும் செய்கிற தவறு. “இன்றுதான் சூரியன் வடக்கு நோக்கித் திரும்புகிறது, உத்தராயணம் தொடங்குகிறது.” எட்டாம் வகுப்பில் யாராவது புவியியல் ஒழுங்காகப் படித்திருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டிக்கொண்டேன். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. பொங்கல் வருவதற்குள் மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிடும்.

அப்படியானால் பொங்கல் என்ன கணக்கு? மகர ராசி என்று குறித்து வைத்த நட்சத்திரப் பகுதிக்குள் சூரியன் நுழைகிற நாள் அது. பஞ்சாங்கத்தின் ஆண்டு நட்சத்திரங்களை வைத்து எண்ணப்படுகிறது. சுவரில் தொங்கும் காலண்டர் பருவங்களை வைத்து எண்ணப்படுகிறது. நட்சத்திர ஆண்டு ஏறக்குறைய 20 நிமிடம் அதிக நீளம். பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெதுவாகச் சுற்றுவதால் வரும் வித்தியாசம் இது. பிள்ளைகளையே கணக்குப் போட விடலாம். வருடத்துக்கு 20 நிமிடம் என்றால் 72 வருடத்துக்கு 1440 நிமிடம், அதாவது ஒரு முழு நாள். சுமார் 1700 வருடங்களுக்கு முன்னால் சூரியன் வடக்கே திரும்பும் நாளும் மகர ராசிக்குள் நுழையும் நாளும் ஒன்றாக வந்தன. அப்புறம் மெல்ல விலகி இப்போது 24 நாள் இடைவெளி ஆகிவிட்டது. “அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே நாளில் வந்தன, உத்தராயணம் என்ற பெயர் அப்படியே நின்றுவிட்டது” என்று சொன்னால் பண்டிகைக்கும் குறைவில்லை, அறிவியலுக்கும் குறைவில்லை.

பெங்களூரில் இதைக் காட்ட நல்ல இடம் கவிப்புரம் கவி கங்காதரேசுவரர் குகைக் கோயில். சங்கராந்தி மாலை வெயில் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே புகுந்து லிங்கத்தின் மேல் விழும். அந்த ஒரு நாளில் மட்டும் நடக்கும் அதிசயம் என்று சொல்லிவிடாதீர்கள். டிசம்பர் 21-க்கு 24 நாள் பின்னால் சூரியன் எங்கே இருக்கிறதோ, 24 நாள் முன்னாலும் அங்கேதான் இருந்தது. அதனால் நவம்பர் கடைசியிலும் வெயில் அதே கோணத்தில் வரும். அந்தச் சிற்பிகளின் கணக்கு பிள்ளைகளுக்குக் கோயில் கதையாகவும் இருக்கும், கணக்குப் பாடமாகவும் இருக்கும்.

“இனிமேல் காலையில் சீக்கிரம் வெளிச்சம் வரும்” என்றும் சொல்லாதீர்கள். பெங்களூரில் டிசம்பர் 21-ஐ விட ஜனவரி 14-ல் சூரியன் சில நிமிடம் தாமதமாகத்தான் உதிக்கிறது. பகல் நீள்வது மாலைப் பக்கத்தில். ஸ்கூல் வேனுக்கு இருட்டில் நிற்கிற பிள்ளைக்கு இது உங்களைவிட நன்றாகத் தெரியும்.

பானையைப் பற்றி ஒரு வார்த்தை. மேடையில் அடுப்பு வைத்துப் பொங்கிக் காட்டலாம் என்று நினைக்காதீர்கள். பத்து நிமிடத்துக்குள் பால் பொங்காமல் போகலாம், பொங்கினால் பேச்சு நின்றுவிடும். அதற்குப் பதில் ஒரு கேள்வி கேளுங்கள்: தண்ணீர் கொதித்தால் வழிவதில்லை, பால் மட்டும் ஏன் வழிகிறது? பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் மேலே ஏடாகப் படிகின்றன. கீழிருந்து வரும் நீராவி அதைக் கிழிக்க முடியாமல் நுரையாகத் திரண்டு ஏட்டையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறுகிறது. அது பானையின் விளிம்பைத் தாண்டுகிற அந்தக் கணத்துக்குத்தான் பாட்டி காத்திருப்பார். அந்த வருடம் வீடு நிறையும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையை நம்பிக்கை என்றும், நீராவியை நீராவி என்றும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மாட்டுப் பொங்கலுக்குச் சொல்லும் நந்தி கதைக்கும் இதே விதி. சிவன் தினமும் எண்ணெய் தேய்த்துக் குளித்து மாதம் ஒருமுறை சாப்பிடச் சொல்லி அனுப்பினாராம், நந்தி அதைத் தலைகீழாகச் சொல்லிவிட்டதாம், தினமும் சாப்பிட்டால் அத்தனை நெல்லுக்கு யார் உழுவது என்று அதையே ஏர் இழுக்க அனுப்பிவிட்டாராம். “என்று ஒரு கதை சொல்வார்கள்” என்பதோடு நிறுத்தினால் எல்லாருமே சிரிப்பார்கள். அங்கிருந்து யார் மாட்டை என்ன செய்கிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள் என்ற பேச்சுக்குள் போய்விடாதீர்கள்.

தின்பண்டம் கொடுப்பதில் நான் இரண்டாம் ஆண்டு தவறினேன். வீட்டில் சாமிக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கலை டப்பாவில் கொண்டுபோய் ஆளுக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தேன். படைத்ததைச் சாப்பிடக்கூடாது என்ற வழக்கம் சில முஸ்லிம், கிறிஸ்தவ வீடுகளில் உண்டு. ஒரு பெண் வாங்கி, கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இப்போது படைக்காமல் தனியாகச் செய்து, அதைச் சொல்லிவிட்டே கொடுக்கிறேன். இன்னொன்று அலர்ஜி. பொங்கலில் முந்திரி இருக்கும். கர்நாடகத்தின் எள்ளு பெல்லத்தில் எள், வெல்லம், கொப்பரை, பொட்டுக்கடலையோடு வேர்க்கடலையும் இருக்கும். எதில் என்ன இருக்கிறது என்று எழுதி முந்தைய நாளே பள்ளியில் கொடுத்துவிடுங்கள்.

எள்ளு பெல்லத்தை விட்டுவிட்டால் கன்னடப் பிள்ளைகளை விட்டுவிட்டதாகவே ஆகும். “எள்ளு பெல்ல திந்து ஒள்ளெ மாதாடி” என்ற வரியை நான் சொன்னதுமே மைதானம் பாதி எனக்கு முன்னால் சொல்லி முடித்துவிட்டது. எள்ளும் வெல்லமும் தின்று நல்ல பேச்சுப் பேசுங்கள் என்று அர்த்தம். அதற்காகப் பொங்கல், சங்கராந்தி, லோஹ்ரி, பிஹு எல்லாம் ஒன்றுதான் என்று ஒரே மூட்டையில் கட்டிவிட வேண்டாம். லோஹ்ரி முந்தைய நாள் இரவு நெருப்பு மூட்டிச் சுற்றும் பஞ்சாபி விழா. எங்கள் பானைக்கும் அதற்கும் நெருப்பு மட்டும்தான் பொது.

போன வருடம் பேச்சு முடிந்ததும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வரிசையை விட்டு வந்தான். “அங்கிள், உங்க பண்டிகை 72 வருஷத்துக்கு ஒரு நாள்தான் நகருது. எங்க ஈத் ஏன் ஒவ்வொரு வருஷமும் முன்னாடி வருது?” நிலவின் 12 மாதம் சேர்ந்தால் 354 நாள்தான், அதனால் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னே போகிறது, ஒரு முழுச் சுற்று வர ஏறக்குறைய 33 வருடம் ஆகும் என்றேன். விரலை மடக்கி எண்ணினான். “அப்ப இதே நாள்ல ரம்ஜான் திரும்ப வரும்போது எனக்கு 44 வயசா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நண்பர்களிடம் சொல்ல ஓடினான்.