தலைக்குறிப்பு நீதிபதி எழுதியது அல்ல

சட்டக் கல்லூரி அசைன்மென்டில் மேனகா காந்தி வழக்கு முதல் பக்கத்தில் (1978) 1 எஸ்.சி.சி. 248 என்றும், நான்காம் பக்கத்தில் ஏ.ஐ.ஆர். 1978 எஸ்.சி. 597 என்றும் வந்தால், இரண்டு புத்தகங்களிலிருந்து எடுத்து ஒட்டியது திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும். இரண்டும் ஒரே தீர்ப்புதான்; அதை வெளியிட்ட தீர்ப்புத் தொகுப்புகள்தான் வேறு. ஒரு தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். சட்டங்களுக்கும் அப்படித்தான்: முதல் முறை 'இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 10' என்று முழுதாக, அப்புறம் 'பிரிவு 10' போதும்.

பலரும் தெரியாமல் சிக்குவது தலைக்குறிப்பில். தீர்ப்புக்கு மேலே சுருக்கமாக இருக்கும் அந்தப் பகுதியை எழுதியவர் தொகுப்பின் ஆசிரியர். அதை அப்படியே எடுத்து 'நீதிமன்றம் கூறியது' என்று போட்டால் இரட்டைத் தவறு: ஆசிரியரின் வாசகத்தைத் திருடியதாகவும் ஆகும், நீதிபதி சொல்லாததை அவர் வாயில் திணித்ததாகவும் ஆகும். தலைக்குறிப்பை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புக்குள் போங்கள். உரிய பத்தியைக் கண்டுபிடித்து, மேற்கோள் குறிக்குள் போட்டு, பத்தி எண்ணையும் சேருங்கள். நோட்டில் குறிப்பெடுக்கும்போதே மேற்கோள் குறி போடாவிட்டால், ஒரு வாரம் கழித்து அது உங்கள் வாக்கியம் மாதிரியே தோன்றும்.

தீர்ப்பைப் படிக்கவே இல்லை, பாடநூலில்தான் பார்த்தீர்களா? சரி, வழக்கோடு அந்தப் பாடநூலின் பக்கத்தையும் 'மேற்கோள் காட்டப்பட்டது' என்று குறிப்பிட்டுவிடுங்கள்.