"ஒரு நாள் மீட் பண்ணலாம்" என்று சொன்னாரா? அன்றே தேதி போடுங்கள்

பழைய ஆபீஸ் நண்பரைக் கல்யாண வீட்டில் பார்க்கிறீர்கள். "கண்டிப்பா ஒரு நாள் மீட் பண்ணலாம்" என்கிறார். அன்று இரவே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். "எப்போ ஃப்ரீ?" என்று கேட்டால் "சொல்றேன்" என்றுதான் பதில் வரும், யோசிக்கிற வேலை அவர் தலையில் விழுகிறதே!

அவர் தாம்பரம், நீங்கள் அண்ணா நகர் என்றால் பரங்கிமலை தோது. அவருக்கு மின்சார ரயில், உங்களுக்கு மெட்ரோ, இரண்டும் அங்கே நிற்கும். இப்படி அனுப்பலாம்:

"சனி காலை 10 மணி, இல்லேன்னா ஞாயிறு சாயங்காலம் 5 மணி. பரங்கிமலை ஸ்டேஷன் பக்கத்துல டீ. பையனோட காலேஜ் அட்மிஷன் பத்திக் கேக்கணும், முக்கால் மணி நேரம் போதும். எது சரிப்படும்?"

காரணத்தை மறைக்காதீர்கள். சொல்லாவிட்டால் கடனோ, இன்சூரன்ஸோ என்று நினைத்து நழுவுவார்கள். (பல நேரம் அது சரியாகவும் இருக்கும்!)

"பாக்கலாம்" என்று மட்டும் பதில் வந்தால், அடுத்த வாரத்தில் ஒரே ஒரு தேதி கேளுங்கள். அதற்கும் மழுப்பினால் விட்டுவிடுங்கள். ஒப்புக்கொண்டால், முந்தின நாள் மாலை "நாளைக்கு 10 மணி, மெட்ரோ வாசல்" என்று ஒரு வரி போதும்.