பட்டையை எண்ணாதீர்கள், வளைவைப் பாருங்கள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் சோடியம் விளக்கின் கீழ் அளவு சரிபார்க்கப் பயன்படும் பிளாக்கான ஸ்லிப் கேஜ் ஒன்றை வைத்து, அதன் முகம் தட்டையா என்று பார்க்க மேலே மிகத் தட்டையான கண்ணாடித் தட்டான ஆப்டிகல் ஃபிளாட்டை வைத்துவிட்டு, "சார், ஏழு பட்டை தெரியுது. ரெண்டு மைக்ரான் போச்சு" என்றான். நானும் ஒரு காலத்தில் இதே கணக்கைப் போட்டேன். நல்ல 20 மி.மீ. பிளாக்கைக் கழித்துவிட்டுப் புதிது வாங்க வைத்தேன். அளவீட்டுக் கூடத்தில் பழையது சரி என்று வந்தது. இன்றும் அது எனக்கு ஆறவில்லை.

பட்டைகளின் எண்ணிக்கையையே பிழையின் அளவாக எடுப்பது

ஃபிளாட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஆப்பு மாதிரி மெல்லிய காற்று இடைவெளி இருக்கிறது. சோடியம் ஒளியில் அந்த இடைவெளி 0.295 மைக்ரான் கூடும்போதெல்லாம் அடுத்த பட்டை விழும். ஆக, ஏழு பட்டை சொல்வது ஃபிளாட் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை மட்டும்தான். பையனை ஃபிளாட்டின் உயர்ந்த ஓரத்தை விரல் நுனியால் மெதுவாகத் தொடச் சொன்னேன். ஏழு நான்காயிற்று. பிளாக்கின் முகம் அந்த நொடியில் மாறிவிடவில்லையே!

பட்டைகள் நேராக, ஒன்றுக்கொன்று இணையாக, சம இடைவெளியில் இருந்தால் முகம் தட்டைதான், எத்தனை இருந்தாலும் சரி. வளைந்திருந்தால், ஒரு பட்டையின் இரு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, நடுப்பகுதி அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். அதைப் பட்டைகளின் இடைவெளியால் வகுத்து 0.295-ஆல் பெருக்குங்கள்.

அப்புறம் அவனுக்கு இன்னொரு பிளாக்கைக் கொடுத்தேன். மூன்றே பட்டைகள், ஆனால் வளைவு இடைவெளியில் பாதி. 0.15 மைக்ரான். ஸ்லிப் கேஜுக்கான ஐ.எஸ்.ஓ 3650 தரத்தில் 0 கிரேடுக்கு 150 மி.மீ. நீளம் வரை தட்டைத்தன்மையில் அனுமதி 0.10 மைக்ரான்தான். எண்ணிப் பார்த்திருந்தால் இதை நல்லது என்று வைத்திருப்பான்.

பட்டையே இல்லாமல் முகம் முழுதும் ஒரே நிறமாகத் தெரிந்தால் ஃபிளாட் இணையாக உட்கார்ந்துவிட்டது. சிறிது சாய்த்துவிட்டுப் பாருங்கள்.

குழியா, மேடா என்று ஊகிப்பது

ஒரு ஓரத்தை லேசாக அழுத்தினால் அதுவே தொடும் ஓரம். பட்டையின் முனைகள் அந்த ஓரத்தை நோக்கித் திரும்பினால் மேடு, விலகிப் போனால் குழி.

கையின் சூடு

ஃபிளாட்டை ஓரத்தில் பிடித்து வைத்துவிட்டுக் கையை எடுங்கள். பட்டைகள் நகர்ந்துகொண்டிருக்கும்வரை எதையும் குறிக்காதீர்கள்.

மெல்லிய பிளாக்

2.5 மி.மீ.க்குக் குறைவானது தனியே வளைந்து நிற்கும். தடித்த தட்டையான தட்டில் பசை இல்லாமல் முகத்தோடு முகம் ஒட்டவைத்துப் பாருங்கள்.

தேய்ப்பது

ஃபிளாட்டைப் பிளாக்கின் மேல் தேய்க்கக் கூடாது. பட்டைகள் நெருக்கமாக அப்பிக்கொண்டால் நடுவே தூசி இருக்கிறது. தூக்கித் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள்.