விடை: (இ). அதன் கீழே என்ன எழுதுவது?

பலவுள் தெரிவு வினாக்களுக்கு விடைக்குறிப்பு தயாரிக்கும்போது, எழுத்துக்குப் பின்னால் மூன்று நான்கு வரியில் விளக்கம் சேர்ப்பது வழக்கம். அதை எழுதும் முறையை ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் வினா ஒன்றை வைத்துப் பார்க்கலாம்.

செங்குத்தாக மேலே எறியப்பட்ட பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன?

அ) 0
ஆ) மேல்நோக்கி 9.8 மீ/வி²
இ) கீழ்நோக்கி 9.8 மீ/வி²
ஈ) கீழ்நோக்கி 4.9 மீ/வி²

படி 1: மாணவர் எந்தத் தவறான விடைக்குப் போவார் என்று கண்டுபிடியுங்கள். இங்கே அது 0. உச்சியில் பந்து நிற்கிறது, நின்ற பொருளுக்கு முடுக்கம் ஏது என்று நினைப்பார். திசைவேகத்தையும் அது மாறும் வீதத்தையும் ஒன்றாக்கிவிடுகிறார். விளக்கம் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இதுதான். மற்ற இரண்டு விடைகளைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டியதில்லை.

படி 2: விதியைச் சொல்லி நிறுத்தாதீர்கள். “புவியீர்ப்பு முடுக்கம் எப்போதும் 9.8, எனவே (இ)” என்ற வரி சரியானதே. ஆனால் 0 என்று எழுதியவருக்குத் தன் எண்ணத்தில் எங்கே பிழை என்று அது காட்டுவதில்லை. பெரும்பாலான விடைக்குறிப்புகள் இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகின்றன.

படி 3: சிறிய கணக்கு ஒன்றால் காட்டுங்கள். உச்சியைத் தொடுவதற்கு 1 விநாடி முன் பந்து மேல்நோக்கி 9.8 மீ/வி வேகத்தில் போகிறது. உச்சியைக் கடந்து 1 விநாடியில் கீழ்நோக்கி அதே வேகத்தில் வருகிறது. 2 விநாடிகளில் திசைவேகம் 19.6 மீ/வி அளவுக்கு மாறிவிட்டது. ஆகவே விநாடிக்கு 9.8, கீழ்நோக்கி. நடுவில் உச்சியிலும் அந்த மாற்றம் நிற்கவில்லை. (காற்றுத் தடையைப் புறக்கணிக்கிறோம். உச்சியில் வேகமே இல்லாததால், காற்று அசையாதிருந்தால் அந்தக் கணத்தில் தடையும் இருக்காது.)

படி 4: சுருக்குங்கள்.

“விடை: (இ). உச்சியில் திசைவேகம்தான் 0. அது மாறிக்கொண்டே இருக்கிறது. 1 விநாடி முன் மேல்நோக்கி 9.8 மீ/வி, 1 விநாடி பின் கீழ்நோக்கி 9.8 மீ/வி. 2 விநாடிகளில் மாற்றம் 19.6 மீ/வி, எனவே முடுக்கம் கீழ்நோக்கி 9.8 மீ/வி². முடுக்கமும் 0 என்றால் பந்து உச்சியிலேயே நின்றுவிடும்.”

கடைசி வாக்கியத்தை நீக்கத் தோன்றும், நீக்காதீர்கள். 0 என்று எழுதியவர் தன் விடையைத் தானே சோதித்துக்கொள்வது அதனால்தான். “(அ) தவறு, ஏனெனில்” என்றும் எழுத வேண்டாம். வினாத்தாளில் விடைகளின் வரிசையை மாற்றினால் முதல் வரியிலுள்ள எழுத்தை மட்டும் திருத்தினால் போதும்.

படி 5: எழுத்தை மறைத்துச் சோதியுங்கள். “விடை: (இ)” என்பதை மறைத்துவிட்டு மீதியை ஒரு மாணவரிடம் கொடுத்து, விடையைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால், பந்து பாதி உயரத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது முடுக்கம் என்ன என்று கேளுங்கள். “மேல்நோக்கி” என்று பதில் வந்தால் முடுக்கத்தின் திசையை இயக்கத்தின் திசையாக அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஏறும்போது வேகம் குறைகிறது என்ற வரியையும் சேர்க்க வேண்டும்.