அம்மாவின் காபி நேரத்தை மாற்றியபோது

அம்பாசமுத்திரத்தில் உள்ள எங்கள் சைவ வீட்டில், இட்லி சாப்பிட்ட கையோடு காபியும் அதனுடனே இரும்புச்சத்து மாத்திரையும் எடுத்துவந்த என் அம்மாவுக்கு, ஹீமோகுளோபின் 9 கிராமைத் தாண்டவே இல்லை. காபியிலும் தேநீரிலும் உள்ள பாலிஃபீனால்கள், கீரையிலும் பயறிலும் இருந்து வரும் இரும்பைக் குடலிலேயே பிணைத்து, உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. இறைச்சியின் இரும்பு இதனால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை என்பதால், சைவ உணவினருக்கே இழப்பு அதிகம். உணவுக்கு 1 மணி நேரம் முன்பு குடிக்கும் காபி தடையாவதில்லை, ஆனால் உண்டு 1 மணி நேரம் கழித்துக் குடித்தாலும் தடை குறைவதில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. எனவே விடியற்காலையில் ஒரு காபி, மாலை 4 மணிக்கு ஒன்று என்று மாற்றி, மதியம் முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிந்து, மாத்திரையைத் தண்ணீருடன் தனியே கொடுத்தோம். சில மாதங்களில் ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டியது. ஆயினும் சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் உயரும்வரை மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று மருத்துவர் கூறியிருக்கிறார்.