குறுவை அறுவடைத் திட்டத்தில் மழைக்கு எழுதும் விதிகள்: எங்கே தவறுகிறோம்?

டெல்டாவில் குறுவை அறுக்கும் நாளும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றையொன்று நெருங்கியே வரும். பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. அதனால் எல்லோரும் திட்டத்தில் மழைக்கு ஒரு வரி எழுதுகிறார்கள். பெரும்பாலும் அது ‘மழை வந்தால் தள்ளிப்போடலாம்’ என்றுதான் இருக்கும். முதல் தவறு இதுதான். நெல் பழுத்த பிறகு தள்ளிப்போட இடமே இருப்பதில்லை. பயிர் சாய்ந்து கதிர் ஈரத்தில் கிடந்தால், விதையுறக்கம் குறைந்த ரகங்களில் மணி கதிரிலேயே முளைவிடும்.

அடுத்த தவறு, நட்ட தேதியிலிருந்து நாளை எண்ணுவது. 110 நாள் ரகம் என்றாலும் நாற்றின் வயதும் வெயிலும் கணக்கை ஒரு வாரம் வரை மாற்றிவிடும். வயலில் பாதிக் கதிர்கள் பூத்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஏறத்தாழ 30 நாளில் அறுவடை.

செப்டம்பர் 5-இல் பாதி பூத்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அக்டோபர் 5 அறுவடை. இனி பின்னோக்கி எண்ணலாம். செப்டம்பர் 25-இல் தண்ணீரை வடித்துவிட வேண்டும்; களிமண் வயல் என்றால் இரண்டு மூன்று நாள் முன்பே. இதைத் தவறவிட்டால் வானம் வெளுத்திருந்தாலும் டயரில் ஓடும் அறுவடை வண்டி வயலில் புதையும். அதனால் அன்று மாலைக்கும் ஒரு விதி: வடிகாலில் நீர் இறங்கவில்லை என்றால் டயர் வண்டியை விட்டுவிட்டு பெல்ட் வண்டிக்குச் சொல்லிவிட வேண்டும். வாடகை கூடுதல்தான். ஆனால் மழை பெய்த மறுநாள் ஊரே அந்த வண்டியைத் தேடும், அப்போது கிடைக்காது.

முக்கியமான தேதி அக்டோபர் 1. அன்று காலை இரண்டைப் பாருங்கள்: வானிலை மையத்தின் அடுத்த ஐந்து நாள் மாவட்ட முன்னறிவிப்பு, வயலில் மணியின் நிறம். கரையோரம் மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், நடுவயலிலும் கதிரைப் பறித்துப் பாருங்கள். நூற்றுக்கு எண்பது மணி பழுத்திருந்து, கனமழையும் சொல்லியிருந்தால் மறுநாளே அறுப்பு. எண்பது ஆகவில்லை என்றால் அறுக்க வேண்டாம். பச்சை மணி அரைக்கும்போது நொறுங்கும். வாய்க்காலைத் திறந்துவைத்துவிட்டுத் தினமும் காலையில் இதே இரண்டையும் பாருங்கள்.

அறுத்ததோடு விதி முடிந்துவிடுவதாக நினைப்பதுதான் கையைக் கடிக்கும் தவறு. இயந்திரத்தில் வரும் நெல்லில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். கொள்முதல் நிலையத்தின் வழக்கமான வரம்பு 17. சரி, முன்கூட்டியே அறுத்துவிட்டோம், காயவைக்க இடம்? அக்டோபர் 1 விதியிலேயே இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: களமும் தார்ப்பாயும் கையில் இருந்தால்தான் வண்டி வயலில் இறங்கும், அதற்குப் பொறுப்பு வீட்டில் இன்னார். குவித்து மூடி வைத்தால் போதாது, ஈர நெல் உள்ளே சூடேறி நிறம் மாறும். மழை விட்ட ஒவ்வொரு இடைவெளியிலும் தார்ப்பாயை விலக்கிக் கிளறிவிட ஆள் வேண்டும்.