அதிகம் வாங்கினால் விலை குறைவு என்றால், எத்தனை வாங்குவது?

திருப்பூரில் ஒரு பனியன் யூனிட்டுக்கு வருடம் 12,000 அட்டைப்பெட்டி தேவை என்று வைத்துக்கொள்வோம். சப்ளையர் தரும் விலை இது:

- 999 வரை: பெட்டிக்கு ₹50
- 1,000 முதல் 2,999 வரை: ₹48
- 3,000 முதல் 5,999 வரை: ₹47
- 6,000, அதற்கு மேல்: ₹46.50

3,000 எடுத்தால் அந்த 3,000 பெட்டிக்குமே ₹47 தான். அப்படிப்பட்ட தள்ளுபடிக்குத்தான் இந்தக் கணக்கு. முதல் 999 பெட்டிக்கு ₹50, அடுத்ததற்கு ₹48 என்று படிப்படியாக பில் போடுபவராக இருந்தால் இது பொருந்தாது. முதலில் அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

படி 1: இரண்டு செலவுகளைப் பிடியுங்கள்

ஒருமுறை ஆர்டர் போட ₹600 ஆகிறது. வண்டி வாடகை, சரக்கைச் சரிபார்க்கும் நேரம், பில் வேலை எல்லாம் இதில் அடக்கம். இறக்கு கூலியைப் பெட்டிக் கணக்கில் கொடுப்பதாக இருந்தால் இதில் சேர்க்க வேண்டாம். எத்தனை தடவையாக வாங்கினாலும் வருடக் கூலி மாறப்போவதில்லை.

இரண்டாவது, ஸ்டாக் வைத்திருக்கும் செலவு. முடங்கும் பணத்துக்கு வட்டி, இடவாடகை, ஈரத்தில் நமுத்துப்போகும் பெட்டிகள் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு விலையில் 20% என்று எடுத்துக்கொள்கிறோம். விலை குறைந்தால் இந்தத் தொகையும் குறையும். ₹50 பெட்டிக்கு ₹10, ₹48 பெட்டிக்கு ₹9.60. எல்லா விலைக்கும் ₹10 என்றே போட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு.

படி 2: மலிவான விலையிலிருந்து தொடங்குங்கள்

ஆர்டர் செலவும் ஸ்டாக் செலவும் சேர்ந்து மிகக் குறைவாக வரும் ஆர்டர் அளவுதான் சிக்கனக் கொள்முதல் அளவு. ஒவ்வொரு விலைக்கும் அதைக் கண்டுபிடிக்க எக்செல்லில் இப்படிப் போடலாம்:

```
=SQRT(2*12000*600/(0.2*46.5))
```

₹46.50-க்கு 1,244 வருகிறது. ஆனால் 1,244 பெட்டி கேட்டால் சப்ளையர் அந்த விலைக்குத் தரமாட்டார். 6,000 எடுத்தாக வேண்டும். ₹47-க்கு 1,238, அதுவும் 3,000-ஐ எட்டவில்லை. ₹48-க்கு 1,225. இது 1,000 முதல் 2,999 வரை என்ற வரம்புக்குள் விழுகிறது. இங்கே நிறுத்திவிடலாம். ₹50-ஐப் பார்க்கத் தேவையில்லை, அந்த விலையில் எந்த அளவு வாங்கினாலும் இதைவிடச் செலவு கூடத்தான் செய்யும்.

எட்டாத இரண்டு விலைகளை அதற்காகத் தள்ளிவிடாதீர்கள். அந்த விலை கிடைக்கும் குறைந்தபட்ச அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: 3,000, 6,000. சிக்கன அளவைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு பெட்டி கூடும்போதும் செலவு ஏறிக்கொண்டேதான் போகும். அதனால் அந்த வரம்பில் வாசலிலேயே நிற்பதுதான் மலிவு.

படி 3: வருட மொத்தச் செலவை ஒப்பிடுங்கள்

பெட்டி விலை, ஆர்டர் செலவு, ஸ்டாக் செலவு மூன்றையும் கூட்ட வேண்டும். கையிருப்பு முழு அளவில் தொடங்கிப் பூஜ்யத்துக்கு இறங்குவதால், ஸ்டாக் செலவுக்கு ஆர்டரில் பாதியைத்தான் சராசரியாக எடுக்கிறோம்.

| ஆர்டர் அளவு | பெட்டி விலை | ஆர்டர் செலவு | ஸ்டாக் செலவு | மொத்தம் |
|---|---|---|---|---|
| 1,225 | ₹5,76,000 | ₹5,878 | ₹5,880 | ₹5,87,758 |
| 3,000 | ₹5,64,000 | ₹2,400 | ₹14,100 | ₹5,80,500 |
| 6,000 | ₹5,58,000 | ₹1,200 | ₹27,900 | ₹5,87,100 |

3,000 தான் ஜெயிக்கிறது. 1,225-ஐவிட வருடம் ₹7,258 மிச்சம். 1,225 வரம்புக்குள் வந்துவிட்டதே என்று அத்தோடு முடித்திருந்தால் இந்தப் பணம் போயிருக்கும். 6,000-இல் விலையில் மிஞ்சும் ₹6,000-ஐ ஸ்டாக் செலவு இரண்டு மடங்குக்கு மேல் விழுங்கிவிடுகிறது.

20% தப்பாக இருந்தால்?

30% போட்டால் ₹48-க்கான சிக்கன அளவு 1,225-லிருந்து 1,000 ஆகிறது. அதோடு ஒப்பிட்டாலும் 3,000 தான் மலிவு, ஆனால் மிச்சம் ₹2,850 ஆகச் சுருங்குகிறது. சுமார் 36%-ஐத் தாண்டினால் 1,000 பெட்டி வாங்குவதே மேல். வெளிக்கடன் வட்டியில் ஓடும் யூனிட்டாக இருந்தால் இதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

இடத்தையும் பாருங்கள். செலவுக்குச் சராசரி 1,500 என்றாலும், லோடு வரும் அன்றைக்கு 3,000 பெட்டியும் ஈரம் படாத இடத்தில் நிற்க வேண்டும். அது மூன்று மாதச் சரக்கு. அதற்குள் பையர் பெட்டி அளவையோ அச்சையோ மாற்றினால் மீதி தேங்கிவிடும்.

ஆர்டர் போடும் முன் சப்ளையரிடம் ஒன்று கேளுங்கள்: "3,000-க்கு உறுதி தர்றோம், மாசம் ஆயிரமா அனுப்பி, அனுப்பின சரக்குக்கு மட்டும் பில் போடுவீங்களா?" ஒப்புக்கொண்டால் ஆர்டர் செலவு ₹7,200, ஸ்டாக் செலவு ₹4,700, மொத்தம் ₹5,75,900. இன்னும் ₹4,600 குறைகிறது. பணத்தை முழுசாக முன்னாலேயே கேட்டால், வட்டி முன்போலவே ஓடும். இந்த மிச்சத்தில் பெரும்பகுதி கிடைக்காது.